தலைவருக்கு அரை நிமிடம்

கேள்வி:

வணக்கம் அக்கா. கொழும்பில் தலைமையகம் உள்ள ஒரு அரிசிக் கம்பனியின் சம்மாந்துறை நெல் கொள்முதல் நிலையத்துக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். வரும் அறுவடைக்கு ஒரு உலர்த்தி மெசினை வாடகைக்கு எடுக்க வேண்டும். தொகை பெரிது என்பதால் நீயே தலைவருக்கு எழுது, எனக்கு ஒரு பிரதி போடு என்று பொது முகாமையாளர் சொல்லிவிட்டார். இரண்டு பக்கத்தில் விளக்கமாக ஈமெயில் அனுப்பினேன். ஒன்பது நாளாகியும் பதில் இல்லை. மெசின்காரர் 19ஆம் திகதி, திங்கட்கிழமை வரைதான் காத்திருப்பாராம். "அவருக்கு அரை நிமிடத்தில் விளங்குகிற மாதிரி எழுது" என்கிறார் முகாமையாளர். அவ்வளவு பெரிய மனிதருக்குச் சுருக்கமாக எழுதினால் மரியாதைக் குறைவாக இருக்காதா? நான் அனுப்பியதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, திங்கட்கிழமைக்கு அதிக நாள் இல்லை என்பதால் இந்தப் பதிலை உங்களுக்கு முதலே தனியாக அனுப்பிவிட்டேன். இங்கே போடுவது இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்காக.

கல்லடிக்குத் திரும்பி வர முன்னர் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் பல வருடம் பணிப்பாளரின் செயலாளராக இருந்தேன். காலையில் அவருடைய காரில் முன் ஆசனத்தில் இருந்து, வந்த கடிதங்களை வாசித்துக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. ஒரு நாள் வெளி மாவட்டக் கிளை ஒன்றிலிருந்து மூன்று பக்கக் கடிதம் வந்திருந்தது. களஞ்சியம் எந்த ஆண்டில் கட்டியது, கூரைத் தகடு எந்த வகை, போன மாரியில் எங்கெங்கே ஒழுகியது என்று நன்றாகத்தான் எழுதியிருந்தார் அந்த முகாமையாளர். இரண்டாம் பக்கம் தொடங்கும்போது பணிப்பாளர் கேட்டார்: "இவருக்கு என்னிடமிருந்து என்ன வேணுமாம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. தாளைப் புரட்டித் தேடினேன். மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பந்தியில் இருந்தது: கூரை திருத்தப் பணம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் அவருக்கு ஒரு அழைப்பு வந்துவிட்டது. கடிதம் "பிறகு" என்று நான் எழுதி வைத்திருந்த கோப்புக்குள் போனது. அடுத்த மழைக்கு அந்தக் கூரையின் கீழ் இருந்த சாமான் நனைந்தது. பணிப்பாளர் மறுத்ததால் வந்த வினை இல்லை அது. அவரிடம் ஒன்று கேட்கப்பட்டிருக்கிறது என்பதே அவருக்கு எட்டவில்லை.

உங்கள் ஈமெயிலையும் அப்படித்தான் வாசித்தேன், தேடித் தேடி. கேட்கிற விடயம் இரண்டாம் பக்கத்தில் கீழிருந்து நான்காவது வரியில் இருக்கிறது.

அது ஏன் அங்கே போனது என்று யோசித்தால் உங்கள் மரியாதைக் கேள்விக்கும் பதில் கிடைக்கும். நம் ஊரில் ஒரு உதவி கேட்க ஒரு வீட்டுக்குப் போனால் எடுத்த எடுப்பில் கேட்க மாட்டோம். வயல் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று பேசி, தேத்தண்ணி குடித்து, எழும்பி, கடப்படி மட்டும் வந்த பிறகுதான் "ஒரு சின்ன விசயம்..." என்று வாய் வரும். பள்ளிக்கூடத்தில் படித்த விண்ணப்பக் கடிதமும் அதே ஒழுங்குதான்: நிலைமையைச் சொல், காரணத்தை அடுக்கு, கடைசியில் தாழ்மையுடன் கேள். முகம் பார்த்துப் பேசும் இடத்தில் இது அழகான முறை. வீட்டுக்காரருக்கு நேரம் இருக்கிறது, நீங்கள் எழும்பிப் போகும் மட்டும் அவரும் உங்களோடுதான் இருக்கிறார். ஈமெயிலில் தலைவர் எந்த நிமிடமும் எழும்பிப் போகக் கூடியவர். நீங்கள் கடப்படிக்கு வரும்போது அவர் அங்கே இல்லை. அவருக்குக் காட்டும் மரியாதையை "சேர்" என்று விளிப்பதிலும் வசனத்தின் பணிவிலும் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியைப் பின்னுக்குத் தள்ளுவதில் வைக்க வேண்டாம்.

இனி அவர் கண்ணால் பாருங்கள். பெரும்பாலும் கைத்தொலைபேசியில், வேறு நாற்பது ஐம்பது ஈமெயில்களுக்கு நடுவில்தான் பார்ப்பார். திறக்க முன்னர் அவருக்குத் தெரிவது அனுப்பியவர் பெயர், பொருள் வரியின் முதல் சில சொற்கள், அதன் கீழே கடிதத்தின் தொடக்கம் ஒரு வரி. உங்களுடையது அங்கே இப்படித் தெரிந்திருக்கும்:

"மேற்படி நிலையத்தின் நெல் உலர்த்தல் வசதி..."
"மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் மேலான கவனத்திற்கு..."

இரண்டு வரியிலும் ஒரு செய்திகூட இல்லை. இதில் "மேற்படி" வேறு. மேலே எதுவுமே இல்லாத இடத்தில் மேற்படி! அரச அலுவலகக் கடிதங்களிலிருந்து நமக்கு ஒட்டிக்கொண்ட சொல் அது. இந்த நோய் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. 1940 ஆகஸ்ட் 9ஆம் திகதி, யுத்தத்தின் நடுவில், பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் தன் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு அனுப்பினார். முக்கிய விடயங்களைச் சின்னச் சின்னப் பந்திகளில் தாருங்கள், விரிவான ஆராய்ச்சியையும் புள்ளிவிவரத்தையும் பின்னிணைப்பில் போடுங்கள், "பின்வருவனவற்றையும் மனதிற் கொள்வது முக்கியம்" போன்ற வெற்று வாக்கியங்களை விட்டுவிடுங்கள் என்பதே அதன் சாரம்.

அரை நிமிடம் என்றால் எவ்வளவு? ஆங்கிலத்தில் மனதுக்குள் வாசிப்பவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 250 சொல் வாசிப்பார். ஆக நூறு சொல்லைத் தாண்டக் கூடாது. தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே சில வேளை பல ஆங்கிலச் சொல்லின் பொருள் அடங்கிவிடும். அதனால் தமிழில் அறுபது எழுபது சொல். உங்கள் தலைவருக்குக் கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும் என்று நினைக்கிறேன். இங்கே நான் தமிழில் எழுதிக் காட்டுகிறேன், ஒழுங்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

இரண்டு பக்கத்தை எழுபது சொல்லுக்குள் இறக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். வசனத்தைச் சுருக்கி, பெயரடையை வெட்டி, இடைச்சொல்லைத் தூக்கி எறிந்து... அப்படிச் செய்தால் கடிதம் தந்தி போல வரும், ஆனால் விளங்காது. நான் செய்வது வேறு. ஒவ்வொரு தகவலையும் எடுத்து ஒரே கேள்வி கேட்பேன்: இதைச் சொல்லாமல் விட்டால் அவருடைய முடிவு மாறுமா? மாறாது என்றால் அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் கடிதத்தில் இடமில்லை.

உங்கள் முதல் பந்தியில் ஈரப்பதன் கணக்கு இருக்கிறது. மெசினால் வெட்டிய நெல் 20 வீத ஈரத்தோடு வருகிறது, களஞ்சியத்தில் வைக்க 14 வீதத்துக்கு இறக்க வேண்டும், அப்போது ஆயிரம் கிலோ 930 கிலோவாகக் குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பிழையில்லை. ஆனால் அரிசி வியாபாரத்திலேயே இருக்கும் ஒருவருக்கு அதைச் சொல்ல வேண்டுமா? அவருடைய முடிவு அதனால் ஒரு அங்குலமும் நகராது. வெளியே.

ஈர நெல்லை மூட்டையிலேயே வைத்தால் சூடேறி, நிறம் மாறி, மணம் பிடிக்கும் என்பதும் அப்படித்தான். உலர்த்தி எந்த நாட்டுத் தயாரிப்பு, மெசின்காரர் எந்த ஊர் என்பதெல்லாம் வெளியே. விவசாயிகள் றோட்டோரம் தார் மேல் நெல்லைப் பரப்பிவிட்டு, மழை இருட்டினால் படங்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை ஒரு பந்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த றோட்டால் போய் வருகிறவள்தான், வாசிக்கும்போது கண்ணுக்குள் நின்றது. அதை வெட்டத்தான் உங்களுக்கு மனம் வராது. இந்தக் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை, வெட்டுங்கள்.

எது மிஞ்சுகிறது? போன பெரும்போகத்தில் மழையால் 70 தொன் பழுதாகி, கிலோ 115 ரூபாவுக்கு வாங்கியதை 80க்குத் தள்ள வேண்டி வந்தது. கிலோவுக்கு 35 ரூபாப்படி 24.5 இலட்சம் நட்டம். இது தெரிந்தால் முடிவு மாறும். உலர்த்தியின் செலவு, முடிவு மாறும். 19ஆம் திகதிக்குப் பிறகு மெசின் பொலன்னறுவைக்குப் போய்விடும் என்பது, மாறும். பொது முகாமையாளர் உடன்படுகிறார் என்பது எல்லாவற்றையும் விட அதிகமாக மாற்றும். அதை நீங்கள் எழுதவே இல்லை! பிரதி போட்டால் போதும் என்று நினைத்திருப்பீர்கள். பிரதி போட்டது அவருக்குத் தெரியும் என்பதை மட்டும்தான் காட்டும், அவர் சம்மதம் என்று காட்டாது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதைக் கடிதத்துக்குள் எழுதுங்கள்.

இனி எண்களுக்கு வருவோம். என் கணிப்பில் உங்களுக்குப் பதில் வராததற்கு நீளம் மட்டும் காரணம் இல்லை.

முதல் பக்கத்தில் "உலர்த்தி வாடகை 9 இலட்சம்" என்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் மின்சாரம், உமி, இரண்டு பேர் கூலி என்று இன்னொரு 3.5 இலட்சம் வருகிறது. ஆக அவர் கொடுக்கப் போவது 12.5 இலட்சம். நீங்கள் எதையும் மறைக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் மேலே இருப்பவர்கள் ஒரு கடிதத்தில் முதலில் கண்ட தொகை பிறகு வளர்வதைக் கண்டால், இன்னும் எங்கே வளரும் என்றுதான் யோசிப்பார்கள். முதலில் எழுதும் தொகை கடைசித் தொகையாக இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சதமும் கேட்க மாட்டேன் என்று நீங்கள் நிற்கக்கூடிய தொகையாக.

அடுத்தது, பழுதானது ஓரிடத்தில் "70 தொன்", இன்னோரிடத்தில் "1,100 மூட்டை". மூட்டைக்கு 65 கிலோப்படி பார்த்தால் 71.5 தொன் வருகிறது. நமக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை, களத்தில் மூட்டைக் கணக்கு எப்போதும் உத்தேசம்தான். வாசிப்பவரோ அங்கே நின்றுவிடுவார்: இரண்டும் ஒன்றா, வேறு வேறா? நின்றார் என்றால் அந்த அரை நிமிடம் போய்விட்டது. முழுக்கத் தொன்னிலும் ரூபாவிலும் பேசுங்கள்.

மூன்றாவதுதான் பெரிது. 24.5 இலட்சம் நட்டம், 12.5 இலட்சம் செலவு, ஆகவே 12 இலட்சம் இலாபம் என்று முடித்திருக்கிறீர்கள். இந்த இடத்தில் அனுபவசாலியான எவரும் உங்களை நம்ப மாட்டார். போன முறை பெய்த மழை இந்த முறையும் அப்படியே பெய்யும் என்று உங்களுக்கு யார் சொன்னது? பெய்யாவிட்டால்? அவருக்கு இலாபக் கணக்கை விட "எவ்வளவு நெல் காப்பாற்றப்பட்டால் என் பணம் தேறும்?" என்பதுதான் தேவை. அதைப் போடுவது கஷ்டம் இல்லை: 12,50,000ஐ 35ஆல் வகுத்தால் 35,714 கிலோ. ஏறத்தாழ 36 தொன். போன முறை பழுதானதில் பாதியளவு.

இந்த 36 தொன்னைத்தான் உங்கள் இரண்டு பக்கமும் தேடிக்கொண்டிருந்தது, தம்பி. இந்த ஒரு எண்ணைக் கண்டதும் வானத்தைப் பார்த்து முடிவெடுக்க அவரால் முடியும். போன முறையின் பாதி மழை வந்தாலே போதும் என்று ஒரு கணத்தில் விளங்கிவிடும். நீங்கள் அவரை வற்புறுத்தத் தேவையில்லை. அதோடு, மழை வராவிட்டால் பணம் போகும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் மனதில் எழப்போகும் எதிர்க்கேள்வியை நீங்களே எழுதியிருந்தால், இவன் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கேட்கிறான் என்று தெரியும்.

இத்தனையும் சேர்த்து எழுதினால் இப்படி வருகிறது:

பொருள்: அனுமதி, திங்கள் 19க்குள்: நெல் உலர்த்தி, ரூ. 12.5 இலட்சம்

சேர்,

சம்மாந்துறை நிலையத்துக்கு 45 நாட்களுக்கு ஒரு நெல் உலர்த்தியை வாடகைக்கு எடுக்க ரூ. 12.5 இலட்சத்துக்கு உங்கள் அனுமதி தேவை. எல்லாச் செலவும் இதற்குள் அடங்கும்.

போன பெரும்போகத்தில் மழையால் 70 தொன் பழுதாகி ரூ. 24.5 இலட்சம் நட்டமானது. இம்முறை 36 தொன்னைக் காப்பாற்றினால் செலவு தேறிவிடும். மழை பெய்யாவிட்டால் இந்தப் பணம் திரும்பி வராது.

பொது முகாமையாளர் உடன்படுகிறார். மெசின் திங்கள் 19ஆம் திகதி வரையே நமக்காக நிற்கும். பிறகு பொலன்னறுவைக்குப் போய்விடும்.

"சரி" என்று பதில் தந்தால் அன்றே ஒப்பந்தம் செய்துவிடுவேன். கணக்கு ஒரு பக்கத்தில் இணைப்பில் உள்ளது.

அவ்வளவுதான். கீழே உங்கள் பெயர், பதவி, கைத்தொலைபேசி எண். அவருக்கு உங்களை முகம் தெரியாது என்றால் முதல் வசனத்தில் "நான் பொறுப்பாயுள்ள சம்மாந்துறை நிலையத்துக்கு" என்று மாற்றினால் போதும், தனியாக அறிமுகப் பந்தி வேண்டாம்.

பொருள் வரியில் "அனுமதி" என்ற சொல் ஏன் முதலில் நிற்கிறது என்றும் சொல்கிறேன். மேலே வரும் ஈமெயில்களில் பெரும்பங்கு வெறும் தகவலுக்காக வருபவை, அவை பிறகு வாசித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. தன்னிடம் முடிவு கேட்பவை எவை என்றுதான் அவர் கண் தேடும். சிறிய திரையில் பொருள் வரியின் வால் மறைந்துபோகும். அதனால் என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்ற இரண்டும் தலையில் இருக்கட்டும். தொகை மறைந்தாலும் பரவாயில்லை, அது முதல் வசனத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு முடிவு தேவையில்லாமல் செய்தி மட்டும் சொல்லும் நாளில் "தகவலுக்கு" என்று தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் "அவசரம்" போடுகிறவரின் ஈமெயில் மூன்றாம் முறை திறக்கப்படாது. நானே திறந்ததில்லை.

இணைப்பைப் பற்றி ஒன்று. எக்செல் கோப்பை அனுப்ப வேண்டாம், தொலைபேசியில் திறந்தால் பாதி நிரல் ஓரத்துக்கு அப்பால் போய்விடும். ஒரே பக்க பிடிஎஃப். இணைப்பைத் திறக்காமலே அவரால் "சரி" சொல்ல முடிய வேண்டும். அது கணக்காளருக்கும் சந்தேகம் வருபவருக்கும் உரியது. கடிதத்தில் உள்ள 12.5, 70, 24.5, 36 ஆகிய நான்கு எண்களும் இணைப்பில் அப்படியே, அதே அலகில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பிழை விடுவது பெரும்பாலும் இங்கேதான். கடைசி நேரத்தில் இணைப்பைத் திருத்துவோம், கடிதத்தை மறந்துவிடுவோம்.

அனுப்ப முன்னர் ஒரு சோதனை. கம்பனியோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம், மச்சானோ அடுத்த கடைக்காரரோ, தொலைபேசியில் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். மணிக்கூட்டில் முப்பது வினாடி பார்த்து, தொலைபேசியைத் திருப்பி வாங்கிவிடுங்கள். பிறகு கேளுங்கள்: என்ன கேட்கிறேன், எவ்வளவு, எப்போதைக்குள், சரி சொன்னால் என்ன ஆபத்து? நான்குக்கும் பதில் வந்தால் அனுப்பலாம். "ஏதோ மெசின் பற்றி..." என்று இழுத்தால் அவரில் பிழை இல்லை. திருப்பி விளக்கம் சொல்லப் போகாமல், அவர் தடுமாறிய வசனத்தை மாற்றி எழுதுங்கள். நெல் தெரிந்த ஆளிடம் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். அவர் நீங்கள் எழுதாததையும் தானே நிரப்பி வாசித்துவிடுவார்.

ஒன்பது நாள் மௌனத்தை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். பழைய ஈமெயிலின் மேல் "நினைவூட்டல்" என்று போட்டு அனுப்பாதீர்கள். அந்த இரண்டு பக்கமும் வாலாகத் தொங்கிக்கொண்டு போகும். புதிய கடிதமாகவே அனுப்புங்கள், பழையதைப் பற்றி மன்னிப்பும் வேண்டாம், முறைப்பாடும் வேண்டாம். அனுப்பிவிட்டு அவருடைய செயலாளரை அழையுங்கள். இது யாரும் சொல்லித் தராத விடயம், ஆனால் நான் அந்தக் கதிரையில் இருந்தவள். "சேருக்கு அனுமதிக் கடிதம் ஒன்று அனுப்பியிருக்கிறேன், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும், அவர் எப்போது ஈமெயில் பார்ப்பார்?" என்று கேட்டால் போதும். அவர் வெளிநாட்டில் இருக்கிறாரா, காலையில் பார்ப்பாரா, தாளில் எடுத்துக் கொடுத்தால்தான் வாசிப்பாரா என்பதெல்லாம் அந்த மேசைக்குத்தான் தெரியும். தாள் என்றால் கடிதம் ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தாக வரும்படி நீங்களே ஒரு பிரதி அனுப்பிக் கொடுங்கள்.

சிலர் "நாளைக்குள் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதச் சொல்வார்கள். உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கும் வேலைக்கு அது சரி. லொறி வரும் நேரத்தை மாற்றுவதற்கு அப்படி எழுதலாம். பணத்துக்கு ஒருபோதும் வேண்டாம். மௌனத்தைக் காட்டி 12.5 இலட்சத்துக்கு ஒப்பந்தம் எழுதினால் பிறகு நிற்பதற்கு உங்களுக்கு இடமிருக்காது.

இந்த முறை பொருந்தாத நாளும் வரும். நிலையத்தில் ஒருவருக்குக் காயம், களஞ்சியத்தில் களவு, உங்கள் மேலதிகாரி மீது ஒரு முறைப்பாடு, இவற்றை எழுபது சொல்லில் எழுதி அனுப்பினால் வாசிப்பவர் தன் கற்பனையால் மீதியை நிரப்பிக்கொள்வார். அப்போது தொலைபேசியை எடுங்கள், எழுதுவது பிறகு பதிவுக்காக. ஒரே கடிதத்தில் இரண்டு அனுமதி கேட்கவும் வேண்டாம். உங்கள் பழைய கடிதத்தின் முடிவில் நிறை பார்க்கும் தராசும் பழுது என்று ஒரு வரி இருந்தது. உலர்த்தி விடயம் முடியும் மட்டும் அந்தத் தராசைப் பற்றி மூச்சும் விடாதீர்கள். இரண்டு கேள்வி இருந்தால் சுலபமானதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை ஒத்திவைப்பது மனித இயல்பு. தராசுக்கு "சரி" வரும், மெசின் பொலன்னறுவைக்குப் போகும்.

பதில் "சரி" என்று வராமல் ஒரு கேள்வியாக வரலாம். அப்படி வந்தால் பயப்பட வேண்டாம், அவர் வாசித்துவிட்டார் என்று அர்த்தம். பெரும்பாலும் "ஒரு நாளைக்கு எவ்வளவு காயும்?" என்றுதான் கேட்பார். நீங்கள் பழைய கடிதத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தால் ஒரு தடவைக்கு 10 தொன், நாளுக்கு ஒரு தடவை, 45 நாளில் 450 தொன். நீங்கள் வாங்கப் போவது 600. இதை முதல் கடிதத்தில் நான் போடாததற்குக் காரணம், 36 தொன்னைக் காப்பாற்றினாலே செலவு தேறும் என்பதால் 450ஆ 600ஆ என்பது அவர் முடிவை மாற்றாது. ஆனால் கேட்டால் ஒளிக்காமல், அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: "நாளுக்கு 10 தொன், சேர். மொத்தம் 450 தொன். மீதி 150 தொன்னை வெயில் நாட்களில் களத்தில் காய வைப்போம்." இதற்குள் ஈரப்பதன் கணக்கை மறுபடி நுழைத்துவிடாதீர்கள். "சரி" வந்ததும் அதே ஈமெயிலையே கணக்குப் பிரிவுக்கும் முகாமையாளருக்கும் அனுப்பிவிட்டு, மெசின்காரருக்கு அழைப்பெடுங்கள்.